பார்டர் தாண்டி வந்த பதினோராவது ஃபோன்

கொலுவுக்கு வருகிறவர்கள் முன்பெல்லாம் சுண்டலும் வெற்றிலை பாக்கும் வாங்கிக்கொண்டு கிளம்புவார்கள். இப்போது வைஃபையும் சேர்ந்துவிட்டது. "மாமி, இங்க டவரே வரல, வைஃபை கிடைக்குமா?" என்று பட்டுப்பாவாடை கட்டிய ஒரு குழந்தை கேட்டால், எந்த மாமிக்கு இல்லை என்று சொல்ல மனசு வரும்? ஃபோனில் ஷேர் பட்டனைத் தட்டி, கறுப்பு வெள்ளைக் கட்டத்தைக் காட்டுவார். குழந்தை ஸ்கேன் பண்ணும். கூடவே குழந்தையின் அண்ணனும் பண்ணுவான்.

அந்தக் கட்டத்துக்குள் ரகசிய மொழி எதுவும் கிடையாது. உள்ளே இருப்பது பச்சையாக இதுதான்:

```
WIFI:T:WPA;S:Lakshmi_Nivas;P:murugan123;;
```

`P:`க்குப் பின்னால் பாஸ்வேர்ட். ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் போதும், மாடிப்படி வழியாக மூன்றாவது ஃப்ளோர் வரை போய்விடும்.

பிறகு ஒருநாள் ராத்திரி ஒன்பது மணிக்கு சீரியல் நடுவில் வட்டம் சுற்ற ஆரம்பிக்கும். வீட்டுக்காரர் முதலில் கம்பெனிக்காரனைத் திட்டுவார், அடுத்து மழையைத் திட்டுவார், கடைசியாகத்தான் "வேற எவனோ உபயோகிக்கிறான்" என்று சந்தேகம் வரும். இந்த மூன்றாவது சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வது சுலபம். ஆளைப் பிடிக்கும் விதத்தில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள்.

அதே வைஃபையில் இருந்தபடி பிரவுசரில் `192.168.1.1` அல்லது `192.168.0.1` அடித்தால் ரவுட்டரின் பக்கம் வரும். வரவில்லை என்றால் ஃபோனில் வைஃபை பெயரைத் தட்டி, Gateway என்று போட்டிருக்கும் நம்பரை அடிக்க வேண்டும். லாகின் விவரம் பெட்டியின் முதுகில் ஒட்டியிருக்கும். உள்ளே போனதும் முதல் வேலையாக அந்த அட்மின் பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள். ஸ்டிக்கரில் உள்ளதையே வைத்திருந்தால், நீங்கள் பிளாக் செய்கிற பையன் அவன் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்தபடி இன்னொரு ஃபோனில் இதே பக்கத்தைத் திறந்து தன் பெயரை எடுத்துவிடலாம். குறும்புக்காரனாக இருந்தால் உங்கள் பெயரைப் போட்டுவிட்டும் போவான்.

இனி DHCP Clients அல்லது Connected Devices என்ற லிஸ்ட். நான்கு பேர் இருக்கும் ஒரு வீட்டில் பதினோரு பெயர் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அம்மா உடனே "ஏழு திருடனா!" என்பார். அவசரப்படக் கூடாது. வீட்டுக்காரர்களின் ஃபோன் நான்கு. லேப்டாப் ஒன்று. டிவி ஒன்று. `ESP_4F21A0` என்று தீவிரவாதி மாதிரி பெயர் வைத்துக்கொண்டு இரண்டு நிற்கும். அவை கீசருக்குப் போட்ட ஸ்மார்ட் பிளக்கும் பூஜை அறை பல்பும். உள்ளே இருக்கும் சிப்பின் பெயர்தான் ESP, பின்னால் வரும் ஆறு எழுத்து அதன் MAC முகவரியின், அதாவது வைஃபையில் அந்தக் கருவியை அடையாளம் காட்டும் நம்பரின், கடைசிப் பாதி. வாசல் கேமரா ஒன்று. ஆக, ஒன்பது நம்முடையவை.

பத்தாவது, காலை பஸ்ஸில் திருநெல்வேலிக்குக் கிளம்பிப்போன அத்தையின் ஃபோன். அத்தை போய்விட்டாலும் பெயர் போகவில்லை. ரவுட்டர் ஒவ்வொரு ஃபோனுக்கும் ஐபி நம்பரை ஒரு கெடு வைத்துத்தான் தருகிறது. பல பெட்டிகளில் அது 24 மணி நேரம். கெடு முடியும் வரை ஆள் இல்லாவிட்டாலும் பெயர் நிற்கும். அதனால் இந்த லிஸ்டை மட்டும் வைத்து யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள். இந்த நிமிஷம் யார் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்பது Wireless பகுதியில் உள்ள Station List அல்லது Wireless Clients பக்கத்தில் இருக்கும்.

அங்கே மிஞ்சுகிறது பதினோராவது ஆள். பெயர் Unknown. MAC முகவரி `A6:3C:19:7E:02:D4`. சிக்னல் -78.

இந்த ஒரு வரியிலேயே பாதி ஜாதகம் இருக்கிறது. முகவரியில் இரண்டாவது எழுத்தைப் பாருங்கள்: 6. அந்த இடத்தில் 2, 6, A, E ஆகிய நான்கில் ஒன்று வந்தால் அது கம்பெனி அச்சடித்த முகவரி இல்லை, அநேகமாக அந்தக் கருவி தானே கற்பனை செய்து வைத்துக்கொண்டது. ஆண்ட்ராய்டு 10 முதலும் ஐஃபோனில் iOS 14 முதலும் ஃபோன்கள் சொந்த முகவரியை மறைத்து, ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு பொய் முகவரியைக் கொடுக்கின்றன. பல்பும் பிளக்கும் இந்த வேலை செய்வதில்லை. ஆக இது பெரும்பாலும் ஒரு ஃபோன். சிக்னலும் ஒத்துப்போகிறது: ஹாலில் இருக்கும் ஃபோன்கள் -40, -55 என்று காட்டும்போது -78 என்றால் நடுவில் இரண்டு மூன்று சுவர் இருக்கிறது.

அதற்காக எதிர்வீட்டுக் கதவைத் தட்டக் கிளம்பிவிடாதீர்கள். உங்கள் மகளின் ஃபோனும் இதே போலப் பொய் முகவரிதான் சொல்லும், அவளும் கதவைச் சாத்திக்கொண்டு கடைசி அறையில்தான் இருப்பாள். வீட்டில் உள்ள ஒவ்வொரு ஃபோனிலும் வைஃபை விவரத்தைத் திறந்து, அதில் காட்டும் MAC முகவரியை லிஸ்டோடு ஒப்பிட வேண்டும். இந்தப் படியைத் தாண்டிக் குதித்தவர்கள், சொந்தப் பெண்ணை ஆன்லைன் பரீட்சை நடுவில் வெளியே தள்ளியிருக்கிறார்கள்.

எல்லாம் ஒப்பிட்டாயிற்று, A6 நம் வீட்டுப் பிள்ளை இல்லை. இப்போது MAC Filter பக்கம். இங்கேதான் வீட்டுக்காரர்கள் தங்களைத் தாங்களே வெளியே வைத்துப் பூட்டிக்கொள்வார்கள். மேலே Deny, Allow என்று இரண்டு இருக்கும். சில பெட்டியில் Blacklist, Whitelist. நமக்கு வேண்டியது Deny. அவசரத்தில் Allow வைத்து A6ஐச் சேர்த்து Apply அழுத்தினால், அந்த வைஃபைக்கு இனி ஒரே சொந்தக்காரன் எதிர்வீட்டுப் பையன். மற்ற பத்தும் வெளியே. வீட்டுக்காரர் கையில் பெட்டி, உள்ளே போக வழியில்லை.

அப்படி ஆகிவிட்டால் லேப்டாப்பை லேன் கேபிளில் செருகிப் பாருங்கள். வைஃபைக்கான ஃபில்ட்டர் பொதுவாகக் கேபிளைத் தொடாது, உள்ளே போய் மாற்றிவிடலாம். பின்பக்கத்து ஓட்டையில் குச்சியை விட்டு ரீசெட் மட்டும் செய்யாதீர்கள். ஃபைபர் கம்பெனி கொடுத்த பெட்டியாக இருந்தால், நெட் வருவதற்கான PPPoE யூசர்நேமும் பாஸ்வேர்டும் பல இடங்களில் அதற்குள்தான் இருக்கின்றன. ரீசெட் செய்தால் அவையும் போய்விடும். பிறகு லைன்மேன் தம்பிக்கு ஃபோன் போட்டு, "அண்ணா, நாளைக்குக் காலைல வர்றேன்" என்ற பதிலை மூன்று நாள் கேட்க வேண்டியிருக்கும்.

இன்னொரு ஓட்டை: நிறையப் பெட்டிகளில் 2.4 கிகாஹெர்ட்ஸுக்கும் 5 கிகாஹெர்ட்ஸுக்கும் தனித்தனி ஃபில்ட்டர். ஒன்றில் மட்டும் தடுத்தால், ஆள் `_5G` என்று முடியும் அடுத்த பெயரில் வந்து உட்கார்ந்துகொள்வான். இரண்டிலும் சேர்க்க வேண்டும். வைஃபை பெயர் மாறினால் பொய் முகவரியும் மாறும் என்பதால், அங்கே அவன் காட்டும் முகவரியைத்தான் அந்த ஃபில்ட்டரில் போட வேண்டும்.

சரி, இரண்டிலும் சேர்த்தாயிற்று, லிஸ்டில் ஆள் இல்லை. அம்மா நிம்மதியாக சீரியல் பார்க்கிறார். மறுநாள் ராத்திரி மறுபடி வட்டம். லிஸ்டில் புதிதாக ஒரு முகவரி, சிக்னல் மட்டும் அதே -78. நடந்தது இவ்வளவுதான்: பையன் தன் ஃபோனின் வைஃபை செட்டிங்கில் Use randomized MAC என்பதை Use device MAC என்று மாற்றியிருக்கிறான். ஃபோனுக்கு இப்போது வேறு முகவரி. கல்யாண மண்டப வாசலில் "நீலச் சட்டைக்காரனை விடாதே" என்று ஆள் நிறுத்தினால், அவன் சட்டையை மாற்றிக்கொண்டு பந்தியில் உட்கார்ந்த கதை. இதையும் தடுக்கலாம், நாளை தம்பியின் ஃபோனில் வருவான். பாஸ்வேர்ட் தெரிந்தவனை முகவரியை வைத்துத் தடுப்பது, பிளக் பல்பு மாதிரி முகவரி மாறாத கருவிகளுக்கும், தொழில்நுட்பம் தெரியாத விருந்தாளிக்கும் மட்டுமே சரிப்படும்.

ஆகவே பாஸ்வேர்டை மாற்றத்தான் வேண்டும். கேபிளில் இருந்தபடி மாற்றுங்கள், வைஃபையில் இருந்து மாற்றினால் Apply அழுத்திய நொடியில் நீங்களும் வெளியே. Security என்ற இடத்தில் WPA2 அல்லது WPA3. குறைந்தது எட்டு எழுத்து என்பது விதி. பன்னிரண்டுக்கு மேல் வையுங்கள், சாமி பெயரோடு 123 வேண்டாம். அதே சூட்டோடு, பாஸ்வேர்ட் அடிக்காமலே பின் நம்பரால் கருவிகளைச் சேர்க்கும் WPS என்பதையும் அணைத்துவிடுங்கள். அதன் எட்டு இலக்க பின் நம்பரை ரவுட்டர் இரண்டு பாதியாகச் சரிபார்ப்பதால், கோடிக்கணக்கில் இருக்க வேண்டிய வாய்ப்புகள் சுமார் 11,000 ஆகச் சுருங்கிவிடுகின்றன என்று 2011லேயே வெளியே வந்துவிட்டது.

வீட்டில் கம்பெனிப் பெட்டி ஒன்று, கடையில் வாங்கிய ரவுட்டர் ஒன்று என்று இரண்டு இருந்தால், கம்பெனிப் பெட்டியும் தனியாக ஒரு வைஃபையைப் பரப்பிக்கொண்டிருக்கும். ஸ்டிக்கர் பாஸ்வேர்டோடு, யாரும் கவனிக்காமல். அதற்குள் போய் அதன் வைஃபையை அணைக்காவிட்டால், முன்கதவைப் பூட்டியதில் பிரயோஜனம் இல்லை.

இந்தச் சீர்திருத்தத்துக்கு ஒரு விலை உண்டு. ஃபோன்களில் புது பாஸ்வேர்ட் போடுவது இரண்டு நிமிஷ வேலை. கீசர் பிளக்குக்கும் பல்புக்கும் கேமராவுக்கும் ஒவ்வொன்றாக ரீசெட் செய்து, ஆப்பில் முதலிலிருந்து சேர்க்க வேண்டும். இவற்றில் பெரும்பாலானவை 2.4 மட்டும்தான் பேசும், ஃபோன் 5இல் இருந்தால் சில ஆப்கள் சேர்க்கவே விடாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தை இதற்கு ஒதுக்கிவிடுங்கள். சனிக்கிழமை ராத்திரி செய்தால் காலையில் வெந்நீர் ஏன் வரவில்லை என்ற விசாரணைக் கமிஷனைச் சந்திக்க நேரும். அதுவரை பிளக்கிலேயே இருக்கும் பட்டனை அழுத்திக்கொள்ளலாம்.

இனி விருந்தாளிகளுக்கு Guest Network. அதைத் திறந்து, தனிப் பெயர், தனி பாஸ்வேர்ட் கொடுத்து, வீட்டுக் கருவிகளைப் பார்க்க அனுமதிக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். அது Allow guests to access my local network போன்ற பெயரில் இருக்கும். பல ரவுட்டர்களில் வேகத்துக்கும் வரம்பு வைக்கலாம். இதை மாற்றினால் கீசருக்கு ஒன்றும் ஆகாது என்பதால், பண்டிகை முடிந்ததும் பாஸ்வேர்டை மாற்றிக்கொண்டே இருக்கலாம்.

எல்லாம் முடித்த அன்று சாயங்காலமே காலிங் பெல் அடிக்கும். "அங்கிள், உங்க வீட்ல நெட் வருதா? எங்க வீட்ல மத்தியானத்துலேருந்து வரல." சிரிக்காமல் கெஸ்ட் பாஸ்வேர்டைக் கொடுத்துவிடலாம், 2 எம்பிபிஎஸ் வரம்போடு. அடுத்த வாரம் அவனே வந்து சொல்வான்: "அங்கிள், நெட் ரொம்ப ஸ்லோ. கம்பெனிக்காரன்கிட்ட நல்லா ஒரு கம்ப்ளெயின்ட் போடுங்க!"