பாஸ் மார்க் 20-லிருந்து 25 ஆன கதை

நர்சிங் இரண்டாம் ஆண்டு மருந்தியல் தேர்வுக்கு நான் ஒருங்கிணைப்பாளராக இருந்த வருடம் அது. 40 கொள்குறி வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள். பாஸ் மார்க் காலங்காலமாகப் பாதி, அதாவது 20. ஏன் 20 என்று ஒரு மாணவி எழுதிக் கேட்டபோது, எங்களில் யாரிடமும் பதில் இல்லை. வினாத்தாள் கடினமான வருடமும் 20, எளிதான வருடமும் 20. பதிலாகச் சொல்ல ஒரு காரணம் வேண்டும் என்றுதான் ஆங்காஃப் முறைக்குப் போனோம்.

வில்லியம் ஆங்காஃப் 1971-இல் எழுதிய ஒரு கட்டுரையின் அடிக்குறிப்பில் வரும் யோசனை இது. தேர்ச்சியின் விளிம்பில் நிற்கும் நூறு மாணவர்களை மனதில் நிறுத்திக்கொள்ள வேண்டும். இந்த வினாவை அவர்களில் எத்தனை பேர் சரியாகப் போடுவார்கள் என்று ஒவ்வொரு நடுவரும் மதிப்பிட வேண்டும். எல்லா நடுவர்களின் சராசரியையும் நூறால் வகுத்து வினா வினாவாகக் கூட்டினால் பாஸ் மார்க் வந்துவிடும். கேட்க எளிது. செய்யும்போது அந்த 'விளிம்பு மாணவர்' யார் என்பதிலேயே வெகு நேரம் போய்விட்டது.

எட்டு நடுவர்களை அழைத்தேன். மருந்தியலில் பெரிய நிபுணர்களாகவே எட்டுப் பேரையும் போடவில்லை. நிபுணருக்கு எல்லாமே எளிதாகத் தெரியும், மதிப்பீடு மேலே போய்விடும். அதனால் பாதிப் பேர் இரண்டாம் ஆண்டு வகுப்பை நேரடியாக எடுப்பவர்கள், மீதிப் பேர் வார்டில் மாணவர்களைப் பக்கத்தில் வைத்து வேலை வாங்குபவர்கள்.

முதல் ஒன்றரை மணி நேரம் வினாத்தாளைத் திறக்கவே இல்லை. விளிம்பு மாணவரை மட்டும் விவரித்தோம். முதலில் ஒருவர் சொன்னது வகுப்பின் நடுத்தர மாணவரை. இன்னொருவர் விவரித்தது ஃபெயிலாகவே வேண்டிய மாணவரை. கடைசியில் பலகையில் எழுதியது இதுதான்: பொதுவான மருந்துகளின் பயனும் முக்கியப் பக்கவிளைவும் தெரியும், நேரடியான டோஸ் கணக்கைப் போடுவார், அலகு மாறினால் தடுமாறுவார், சந்தேகம் வந்தால் கேட்கத் தெரியும். பாஸா ஃபெயிலா என்று பாதிக்குப் பாதி தயங்க வைக்கும் மாணவர். அந்தப் பலகையை நாள் முழுக்க அழிக்கவில்லை.

அப்புறம் விடைக்குறிப்பு இல்லாமல் நடுவர்களையே தேர்வை எழுத வைத்தேன். இதை யாரும் தவிர்க்கக் கூடாது என்பேன். விடை கண்ணெதிரே இருந்தால் எந்த வினாவும் சுலபமாகத் தெரியும். தானே இரண்டு விடைகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டவர், மாணவருக்கு 90 போடுமுன் ஒரு நிமிடம் யோசிப்பார்.

14-ஆம் வினாவில்தான் இந்த முறை எப்படி வேலை செய்கிறது என்பது எனக்குப் பிடிபட்டது. டிஜாக்ஸின் 250 மைக்ரோகிராம் கொடுக்க வேண்டும், கையில் இருப்பது 0.125 மில்லிகிராம் மாத்திரை, எத்தனை மாத்திரை? விடைகள்: அரை, ஒன்று, இரண்டு, நான்கு. முதல் சுற்றில் வந்த மதிப்பீடுகள் 90, 85, 80, 75, 70, 60, 40, 35. சராசரி கிட்டத்தட்ட 67.

90 போட்ட மூத்த ஆசிரியை உறுதியாக இருந்தார். "இது தெரியாமல் ஒரு நர்ஸ் வார்டுக்குள் வரலாமா?"

35 போட்டவர் வார்டில் பயிற்சி தருபவர். "வரக்கூடாதுதான் மேடம். ஆனால் நம்ம பலகையில் இருக்கிற பிள்ளை என்ன செய்யும்? 0.25 என்று மாற்றுகிற வரைக்கும் சரியாக வரும். அப்புறம் 0.125-ஐ 0.25-ஆல் வகுத்து, அரை மாத்திரை என்று எழுதிவிடும். அந்த விடையும் அங்கேயே இருக்கிறது."

நடுவர்கள் அதிகம் தவறுவது இந்த இடத்தில்தான். 'தெரிந்திருக்க வேண்டும்' என்பது ஒரு கேள்வி, 'சரியாகப் போடுவார்களா' என்பது வேறு கேள்வி. நாங்கள் கேட்டது இரண்டாவது. முதல் கேள்விக்குப் பதில் சொல்பவர் முக்கியமான வினாவுக்கெல்லாம் 100 போடுவார், பாஸ் மார்க் எட்டாத உயரத்துக்குப் போகும். அப்படி ஒரே நடுவரிடம் 95-க்கு மேல் வரிசையாக வந்தால், நிறுத்தி மறுபடி விளக்க வேண்டும். கீழேயும் ஓர் எல்லை உண்டு. கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுத்தாலே நூற்றுக்கு 25 பேர் சரியாகப் போடுவார்கள். அதற்குக் கீழே ஒருவர் மதிப்பிட்டால், தவறான விடை ஒன்று மாணவர்களைத் தன் பக்கம் இழுக்கிறது என்பதற்கு அவர் காரணம் சொல்ல வேண்டும்.

பேசி முடித்ததும் எல்லோரும் ஒருவர் தாளை ஒருவர் பார்க்காமல் மறுபடி மதிப்பிட்டார்கள். ஒத்துப்போக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. இரண்டாம் சுற்று: 70, 70, 65, 65, 60, 55, 50, 45. சராசரி 60. மூத்த ஆசிரியை 70-க்கு இறங்கினார், வார்டுக்காரர் 45-க்கு ஏறினார்.

40 வினாக்களும் முடிந்தபோது நடுவர்களின் மொத்தம் 23-இலிருந்து 28 வரை பரவியிருந்தது, சராசரி 25.0. திட்ட விலக்கம் 1.53. அதை எட்டின் வர்க்கமூலத்தால் வகுத்தால் நியமப் பிழை சுமார் 0.54. இதே மாதிரி வேறு எட்டுப் பேரை அழைத்திருந்தாலும் பாஸ் மார்க் பெரும்பாலும் ஒரு மதிப்பெண் அளவுக்குள்தான் மாறியிருக்கும் என்று இதிலிருந்து சொல்லலாம். இதுவே இரண்டு, மூன்று என்று வந்திருந்தால் விளிம்பு மாணவரைப் பற்றிய விவாதத்துக்கே திரும்பியிருப்பேன். ஒரு முடிவையும் அன்றே எழுதிக் கையெழுத்து வாங்கினேன்: பின்னம் வந்தால் மேலே உள்ள முழு எண். தேர்வு நடக்க இன்னும் பத்து நாள் இருந்தது.

திருத்தும்போது ஒரு வினாவுக்கு இரண்டு விடைகள் சரியாக இருப்பது தெரிந்து, அதை நீக்கினோம். அதன் சராசரி 70, அதாவது 0.7 மதிப்பெண். 25.0-இல் அதைக் கழித்தால் 39-க்கு 24.3. விதிப்படி பாஸ் மார்க் 25.

24 எடுத்தவர்கள் மூன்று பேர். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பின்னத்தைக் கீழே இறக்கியிருந்தால் மூவரும் பாஸ். ஆனால் யார் எவ்வளவு என்று தெரிந்த பிறகு விதியை மாற்றினால், 23 எடுத்தவரிடம் நான் என்ன சொல்வேன்?

மூவரில் ஒருவர் முறையிட்டார். விசாரித்த குழு கேட்ட முதல் கேள்வி, 25 என்பது மதிப்பெண்களைப் பார்த்த பிறகு வந்ததா என்பதுதான். தேதியிட்ட குறிப்பு, இரண்டு சுற்று மதிப்பீடுகள், பலகையின் புகைப்படம், நீக்கிய வினாவின் கணக்கு எல்லாவற்றையும் வைத்தேன். முடிவு நின்றது. மாணவியிடமும் அதே கோப்பைக் காட்டி, ஒரு மணி நேரம் உட்கார்ந்து விளக்கினேன்.

கோப்பில் ஒரு குறையும் இருந்தது, அதையும் குழுவிடம் சொன்னேன். 9-ஆம் வினாவுக்கு நடுவர்கள் 80 என்றார்கள். 23-க்கும் 26-க்கும் இடையே எடுத்தவர்களில் பாதிப் பேர்கூட அதைச் சரியாகப் போடவில்லை. கடினமான வினாவை எளிதென்று எண்ணுவது நடுவர்களிடம் அடிக்கடி காணும் பழக்கம். பழைய வினாக்களாக இருந்தால், சென்ற ஆண்டு எத்தனை பேர் சரியாகப் போட்டார்கள் என்பதை இரண்டாம் சுற்றுக்கு முன் காட்டலாம். எங்களிடம் அந்தத் தரவு இல்லை. அடுத்த முறைக்காக அன்றிலிருந்து சேர்க்க ஆரம்பித்தேன்.

மறுதேர்வுக்கு வேறு வினாத்தாள், அதனால் அதே எட்டுப் பேரும் மறுபடி உட்கார்ந்தார்கள். அந்தத் தாள் எளிது, 40-க்கு 26.6 வந்தது. பாஸ் மார்க் 27. "போன தடவை 25, இப்போ ஏன் 27?" என்று மாணவர்கள் கேட்டார்கள். இந்த முறை என்னிடம் பதில் இருந்தது. இரண்டு தாள்களின் டோஸ் கணக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன்.