பாதி செல்லும் சுருக்குவழி

இன்டர்னல் தேர்வில் கேட்டது இதுதான். இரண்டு 3×3 அணிகள். (அ) A+B-இன் தரம் காண்க, (ஆ) AB-இன் தரம் காண்க. ஒவ்வொன்றுக்கும் 5 மதிப்பெண்.

```
A =  1  1  0      B =  1  1  2
     0  1  1          -1  0 -1
     1  2  1           1  0  1
```

A-இல் மூன்றாம் நிரை முதல் இரண்டின் கூடுதல். B-இல் மூன்றாம் நிரல் முதல் இரண்டின் கூடுதல். ஆக இரண்டின் தரமும் 2. ஒரு மாணவி இரண்டையும் தனித்தனியாக ஏறுபடி வடிவத்துக்குக் கொண்டுவந்து, பூச்சியங்களை முடிந்த மட்டும் ஏற்றி, அந்தச் சுருங்கிய வடிவங்களையே கூட்டியும் பெருக்கியும் தரம் கண்டிருந்தாள். கூட்டலுக்கு 2 வந்தது, பெருக்கலுக்கும் 2 வந்தது. விடைக்குறிப்பில் கூட்டலுக்கு 2, பெருக்கலுக்கு 1. அதனால் (அ)-வுக்கு 5, (ஆ)-வுக்கு 0 போட்டேன்.

விடைத்தாள் கொடுத்த அன்று வகுப்பு முடிந்ததும் வந்து கேட்டாள். ஏற்காடு பஸ்ஸைப் பிடிக்க அவள் அஸ்தம்பட்டி போக வேண்டும். தோளில் பையோடுதான் நின்றாள். "சார், நிரை உருமாற்றம் செஞ்சா தரம் மாறாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"தரம் மாறாதும்மா, ஆனா பெருக்கும்போது அது செல்லாது. முதல்ல பெருக்கிட்டு அப்புறம் சுருக்கு" என்றேன். சரி சார் என்று போய்விட்டாள்.

அந்தச் "செல்லாது" பாதிதான் உண்மை. A-வை மட்டும் சுருக்கி, B-யை அப்படியே விட்டுப் பெருக்கியிருந்தால் அவளுக்குச் சரியான விடையே கிடைத்திருக்கும். A-வின் சுருங்கிய வடிவத்தில் நிரைகள் (1, 0, −1), (0, 1, 1), (0, 0, 0). இதை B-யோடு பெருக்கினால் முதல் நிரை (0, 1, 1), மற்ற இரண்டும் பூச்சியம். தரம் 1. நேரடியாக AB கண்டாலும் முதல் நிரையும் மூன்றாம் நிரையும் (0, 1, 1), நடு நிரை பூச்சியம், அதே 1.

காரணம் எளிது. A-வில் செய்யும் நிரை உருமாற்றம் எல்லாம், நேர்மாறு உள்ள ஓர் அணி P-யால் இடப்புறம் பெருக்குவதுதான். (PA)B என்பதும் P(AB) என்பதும் ஒன்று. P வெளியில் நிற்கிறது, தரத்தைத் தொடாது. B-யில் நிரை உருமாற்றம் செய்தாலோ A(PB) ஆகிறது. P நடுவில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. B-யைச் சுருக்கியே ஆக வேண்டுமென்றால் நிரல் உருமாற்றம் செய்யலாம். A(BQ) = (AB)Q, இங்கே Q மறுபடி வெளியில் போய்விடுகிறது. இடது அணியை நிரைவழி, வலது அணியை நிரல்வழி. இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

ஆனால் ஒரு நிமிடத்தில் சொன்னால் அது இன்னொரு விதியாகப் போய் ஒட்டிக்கொள்ளும், ஏன் என்பது விளங்காது என்றும் தோன்றுகிறது. நடுவில் என்ன நடக்கிறது என்று காட்டினால்தான் விளங்கும். A எந்த வெக்டரைப் பூச்சியமாக்குகிறது? x+y=0, y+z=0 என்று தீர்த்தால் (1, −1, 1), அதன் மடங்குகள், வேறு எதுவும் இல்லை. இப்போது B-யின் முதல் நிரலைப் பாருங்கள்: அதே (1, −1, 1). B-யின் நிரல்கள் பரப்பும் வெளிக்குப் பரிமாணம் 2. அதில் ஒரு திசையை A விழுங்கிவிடுகிறது, மிச்சம் 1. பெருக்கலின் தரம் இதற்கு மேல் ஒன்றும் இல்லை: B-யின் தரம், கழித்தல் B-யின் நிரல்வெளிக்குள் A பூச்சியமாக்கும் பகுதியின் பரிமாணம். அவள் B-யை நிரைவழி சுருக்கியபோது நிரல்கள் (1, 0, 0), (0, 1, 0), (1, 1, 0) ஆகிவிட்டன. (1, −1, 1) அந்தத் தளத்திலேயே இல்லை. விழுங்க ஒன்றும் கிடைக்காததால் தரம் குறையாமல் 2 என்று வந்தது. B-யின் தரம் மாறவில்லை, அவள் சொன்னது சரி. B-யின் நிரல்கள் இருந்த இடம் மாறிவிட்டது.

கரும்பலகையில் நான் எழுதிப் போட்டிருந்தது rank(AB) ≤ min(rank A, rank B) மட்டும். அது அவளுடைய 2-ஐ மறுக்கவில்லை. சில்வெஸ்டரின் கீழ் வரம்பு rank A + rank B − n ≤ rank(AB), இங்கே 2+2−3 = 1; அதுவும் 2-ஐ மறுக்கவில்லை. A பூச்சியமாக்கும் வெளிக்கு n − rank A பரிமாணம், அதற்கு மேல் விழுங்க முடியாது என்பதே அந்தக் கீழ் வரம்பு. இரண்டு சமனின்மையும் சேர்ந்து விடை 1 அல்லது 2 என்கின்றன, அத்தோடு நிறுத்திக்கொள்கின்றன. வரிசையை மாற்றி BA எடுத்தால் அதே வரம்புகள்தான், விடை 2. B பூச்சியமாக்குவது (1, 1, −1)-ஐ. A-வின் நிரல்களில் எல்லாம் மூன்றாவது உறுப்பு முதல் இரண்டின் கூடுதல். 1+1 என்பது −1 ஆகாது, எனவே அது A-வின் நிரல்வெளியில் இல்லை, எதுவும் இழக்கவில்லை.

(ஆ) பற்றி இப்படி யோசித்துக்கொண்டே போனபோதுதான் (அ)-வில் கண் நின்றது. அங்கே நான் முழு மதிப்பெண் கொடுத்திருக்கிறேன். அவள் A-வை ஒரு P-யாலும் B-யை வேறொரு Q-வாலும் சுருக்கிக் கூட்டியிருக்கிறாள்: PA + QB. இரண்டுக்கும் ஒரே உருமாற்றம் என்றால் P(A+B), தரம் மாறாது. வேறு வேறு என்றால் எந்த உத்தரவாதமும் இல்லை. உண்மையான A+B-இன் நிரைகள் (2, 2, 2), (−1, 1, 0), (2, 2, 2), தரம் 2. அவளுக்கு வந்த (2, 0, 0), (0, 2, 2), (0, 0, 0)-க்கும் தரம் 2. பொருந்தியது தற்செயல். பொருந்தாத இடம் காட்ட இது போதும்:

```
A = 1 0     B = 0 0
    0 0         0 1
```

A+B அலகு அணி, தரம் 2. B-யைச் சுருக்கினால் 1 மேல் நிரைக்கு ஏறிவிடும். அதை A-வோடு கூட்டினால் மேல் நிரை (1, 1), கீழே பூச்சியம், தரம் 1.

கூட்டலில் வரம்புகளும் இன்னும் தளர்வானவை. rank(A+B) ≤ rank A + rank B என்றால் 4, அணி 3×3 என்பதால் 3. கீழே, A = (A+B) + (−B) என்று எழுதி அதே சமனின்மையைப் போட்டால் rank A − rank B ≤ rank(A+B); நம் கணக்கில் 0. விடை 0 முதல் 3 வரை எதுவாகவும் இருக்கலாம். B-க்குப் பதில் −A இருந்தால் 0-வே வரும். விடை தப்பினால் கண்டுபிடிக்க இந்த வரம்புகள் உதவவே உதவா. வழிமுறையைப் படித்திருக்க வேண்டும். அறுபது தாளுக்கு மேல் திருத்தும்போது கண் கடைசி வரிக்குத்தான் போகிறது. எல்லோரும் அப்படித்தான் திருத்துகிறோம் என்று சொல்லிக்கொள்ளலாம், பொய்யும் இல்லை.

இன்று அதே தாள் கைக்கு வந்தால் (ஆ)-வில் A-வைச் சுருக்கிய படிக்கு 2 கொடுப்பேன். (அ)-வில் வழிமுறை செல்லாது, கடைசி வரி மட்டும் சரி. 1-க்கு மேல் மனசு வராது. மொத்தம் 3. அன்று அவளுக்குக் கிடைத்தது 5.