ஏரிக்கரையில் வெங்காயம்

ஏரிகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுத ஒப்புக்கொண்டபோது எனக்கு முதுகுவலி இல்லை. பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்த காலம் முழுவதும் நடந்தும் குனிந்தும் வேலை பார்த்தவன் நான். ஓய்வு பெற்று, மேசைமுன் உட்கார்ந்து ஒரு மாதம் தட்டச்சு செய்ததும் இடுப்பு பிடித்துக்கொண்டது. இருபது நிமிடத்துக்கு மேல் உட்காரக் கூடாது என்றார் மருத்துவர். இருபது நிமிடத்தில் எனக்கு ஒரு பத்தி தேறும், அதுவும் நல்ல நாளில்.

காலையில் எப்படியும் எங்கள் ஊர் ஏரிக்கரைமேல் நடக்கிறோமே, அங்கேயே சொல்லிப் பதிவு செய்தால் என்ன என்று தோன்றியது. கைப்பேசி கேட்டு எழுதிக்கொள்கிறது என்கிறார்கள். அப்படித் தொடங்கி, பதினொரு அத்தியாயங்களில் ஏழை நடந்தபடியே சொல்லி முடித்தேன்.

முதல் வாரம் பெரும் சொதப்பல். கைப்பேசியைக் கையில் பிடித்துக்கொண்டு, சொல்லச் சொல்லத் திரையில் எழுத்து விழுவதைப் பார்த்தபடி நடந்தேன். தவறாக விழுந்த சொல்லைத் திருத்த நின்றேன். நின்றதும் அடுத்த வாக்கியம் மறந்துபோனது. யோசிக்க நான்கைந்து நொடி மௌனமானால் அது கேட்பதையே நிறுத்திவிடும். அதை அறியாமல் நான் ஒரு பக்கம் பேசித் தீர்த்திருப்பேன். எட்டாம் நாள் இரண்டு வேலையையும் பிரித்தேன். கரையில் வெறும் ஒலிப்பதிவு மட்டும், கைப்பேசி சட்டைப் பையில். வீட்டுக்கு வந்தபின் அந்தப் பதிவை மென்பொருளுக்குக் கொடுத்து எழுத்தாக்குவது. ஒலிக்கோப்பை மட்டும் ஒருநாளும் அழிப்பதில்லை. ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

காற்றை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. ஆடி மாதம் ஏரிக்கரையில் மேற்கிலிருந்து அடிக்கிற காற்று, காதொலிப்பானின் மைக்கில் மோதினால் பதிவில் மூட்டை உருட்டுவதுபோல் ஒரு சத்தம்தான் மிஞ்சும். மைக்கைச் சட்டைக்குள் செருகினால் துணி உரசும். ஒரு பழைய கைக்குட்டையை இரண்டு சுற்றுச் சுற்றிக் கழுத்துப்பட்டைக்கு வெளியே தொங்கவிட்டேன். அதற்கும் மேலாக உதவியது திசை. கிழக்கு நோக்கி நடக்கும்போது காற்று முதுகில் மோதுகிறது, என் உடம்பே மைக்குக்கு மறைப்பாகிவிடுகிறது. எனவே ஐயனார் கோயிலிலிருந்து மதகுவரை போகும்போது பேசுவேன், திரும்பும்போது வாயை மூடிக்கொண்டு அடுத்ததை யோசிப்பேன். ஆவணி, புரட்டாசி வந்து காற்று தணிந்த பின்னும் அந்தப் பழக்கம் அப்படியே நின்றுவிட்டது.

எந்தத் தமிழில் பேசுவது என்பதுதான் எல்லாவற்றிலும் சிக்கலாக இருந்தது. வீட்டில் பேசுவதுபோல் பேசிப் பார்த்தேன். வினைமுற்றுகளை எல்லாம் மென்பொருள் குதறிவிட்டது. எது முற்று, எது எச்சம் என்றே தெரியாமல் சொற்கள் குவிந்து கிடந்தன. சரி என்று எழுத்துத் தமிழில் பேசினேன். எழுத்து சரியாக வந்தது, ஆனால் படித்துப் பார்த்தால் ஏதோ நூல் வெளியீட்டு விழாவில் பொன்னாடை போர்த்திய பிறகு பேசியதுபோல் இருந்தது. மதகின் கதவுக்குத் துரு ஏறியதைச் சொல்ல அவ்வளவு முழக்கம் வேண்டாம்.

கடைசியில் ஒரு சமரசத்துக்கு வந்தேன். நடுவில் எப்படி வேண்டுமானாலும் பேசலாம், ஆனால் வாக்கியத்தின் கடைசி வினையை மட்டும் முழு உருவில், அழுத்திச் சொல்ல வேண்டும்: ‘இருக்கிறது’, ‘கட்டினார்கள்’, ‘வெளியேறும்’. எனக்குக் கிடைத்த பிரதியில் முற்றுப்புள்ளி ஒன்றுகூட இருக்காது, இரண்டாயிரம் சொற்களும் ஒரே நூலாக ஓடும். தமிழில் வாக்கியம் பெரும்பாலும் வினைமுற்றில்தான் முடிகிறது. முற்று முழுசாக விழுந்திருந்தால் அங்கே புள்ளி வைத்துக்கொண்டே போகலாம். முற்று சிதைந்திருந்தால் நேற்று நான் என்ன நினைத்தேன் என்று நானே என்னைத் துப்பறிய வேண்டும்.

குமிழித் தூம்பு பற்றிய பகுதியை எடுத்துக்கொள்கிறேன். பழைய ஏரிகளில் கரையிலிருந்து தள்ளி, தண்ணீருக்குள் நிற்கும் கல் அமைப்பு அது. மென்பொருள் எனக்குத் தந்தது இப்படி:

“குமிழி தும்பு என்பது வந்து ஏறிக்குள் கறையிலிருந்து தள்ளி இருக்கிறது ஒரு பெட்டி மாதிரி கல்லில் மேலே ஒரு துளை இருக்கிறது அதுதான் நீர் ஓடி கீழே தரையை ஒட்டி இருப்பது சேர் ஓடி மேலே அடைத்திருக்கும் கல்லை தூக்கினால் தண்ணீர் போகும் சேரும் போகும் இரண்டும் தூக்கா விட்டால் சேறு வெளியேறுது”

ஏரி ஏறியாவதும் கரை கறையாவதும் எதிர்பார்த்ததுதான். பேச்சில் நம்மில் பெரும்பாலோருக்கு ர, ற இரண்டும் ஒன்றுதான். மூச்சு வாங்கும்போது ல, ள, ழ மூன்றும் கலந்துவிடும். ஒருநாள் ‘மலை பெய்து வெல்லம் வந்தது’ என்று படித்துவிட்டு மனைவி அரைமணி நேரம் சிரித்தார். இத்தகைய பிழைகள் கண்ணில் குத்தும், நொடியில் திருத்திவிடலாம். ‘நீர் ஓடி’, ‘சேர் ஓடி’ என்று உடைந்தவற்றையும் நீரோடி, சேறோடி என்று ஒட்டிவிடலாம். எந்த மென்பொருளும் அவற்றை அறிந்திருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

எனக்குப் பயம் தருவது கடைசிச் சொல். நான் சொன்னது ‘வெளியேறாது’. அது எழுதியது ‘வெளியேறுது’. ஒரு நெடில் விழுங்கப்பட்டு, பொருள் தலைகீழாகிவிட்டது. எழுத்துப் பிழையைத் தேடும் கண் பேச்சுவழக்கு என்று எண்ணி, ‘வெளியேறுகிறது’ என்று ஒழுங்காகத் திருத்திவைத்துவிட்டுப் போய்விடும். நானே அப்படித்தான் திருத்தினேன். மறுநாள் படித்தபோது, தூம்பைத் திறக்காமலேயே சேறு போய்விடுமென்றால் பிறகு எதற்குத் தூம்பு என்று உறைத்தது. எதிர்மறை தமிழில் ஓர் எழுத்துக்குள் ஒளிந்திருக்கிறது. காற்று அடித்தால் முதலில் காணாமல் போவது அதுதான். அன்றிலிருந்து எதிர்மறை வாக்கியங்களை இரண்டுமுறை, இரண்டு விதமாகச் சொல்கிறேன்: ‘சேறு வெளியேறாது, உள்ளேயே தங்கும்.’ ஒன்று கெட்டாலும் மற்றது காட்டிக்கொடுக்கும்.

எண்களும் அப்படித்தான். எழுபதும் எண்பதும் காற்றில் ஒன்றையொன்று போலி செய்யும். உத்திரமேரூரில் ஏரியைக் கவனித்துவந்த ஊர்க்குழுவான ஏரி வாரியத்தைப் பற்றிச் சொல்லும் பராந்தகன் காலக் கல்வெட்டுகள் 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்தவை. அதை ‘ஒன்பது ஒன்று ஒன்பது’ என்று இலக்கம் இலக்கமாகத்தான் சொன்னேன். ஆனாலும் கல்வெட்டு அத்தியாயத்தைப் பாதியில் கரையிலிருந்து இறக்கிவிட்டேன். ஆண்டு, வாரியம், உறுப்பினர் எண்ணிக்கை என்று பக்கத்துக்குப் பத்து விவரம் வருகிற அத்தியாயம் நடக்கிற கால்களுக்கு ஏற்றதல்ல. மண் அளவு, நீர்க் கொள்ளளவு கணக்குகளும் மேசைக்கே போயின. எப்படி வேலை செய்கிறது, யார் செய்தார்கள், எங்கே கெட்டது என்று கதைபோல் ஓடுகிற பகுதிகள்தான் நடையில் நன்றாக வந்தன.

அன்றைய பதிவை அன்றே மதியத்துக்குள் சுத்தம் செய்துவிடுவேன். ஒரே நாளில் முடித்தால்தான் உண்டு. மூன்று நாள் போட்டுவைத்த பிரதியில் பாதி எனக்கே புரியாது. முதல் சுற்றில் பதிவைக் காதில் கேட்டபடி எதிர்மறை, எண், பெயர் இந்த மூன்றை மட்டும் பார்ப்பேன், வாக்கிய நடையின் பக்கமே போகமாட்டேன். ஒலிக்கோப்பை அழிக்காமல் வைப்பது இதற்காகத்தான். இரண்டாம் சுற்றில் ஒலியை அணைத்துவிட்டு முற்றுகளில் புள்ளி வைத்துக்கொண்டு போவேன். ‘என்பது வந்து’ என்று வந்து வந்து வந்ததையெல்லாம் வெட்டுவேன். ஒற்றுகளையும் அப்போதே போடுவேன்.

மூன்றாவது சுற்றுதான் எழுதுவது. பேசும்போது நாம் முற்றுக்குப் பிறகு எதையாவது ஞாபகம் வந்து ஒட்டவைக்கிறோம். ‘தள்ளி இருக்கிறது, ஒரு பெட்டி மாதிரி, கல்லில்’ என்றேனே, அதுபோல. காதுக்கு அது இயல்பு, தாளில் அது வால். ஒவ்வொரு வாலையும் முற்றுக்கு முன்னால் இழுத்துக் கட்ட வேண்டும். அப்படிக் கட்டியதும் மேலே சொன்ன பகுதி இவ்வாறு நின்றது:

“ஏரிக்குள், கரையிலிருந்து தள்ளி, கல்லால் கட்டிய பெட்டிபோல் நிற்பது குமிழித் தூம்பு. அதன் மேல்பக்கத்துத் துளை நீரோடி. தரையை ஒட்டி இருப்பது சேறோடி. மேலே அடைத்திருக்கும் கல்லைத் தூக்கினால் தண்ணீரோடு சேறும் சேர்ந்து வெளியேறும். தூக்காவிட்டால் சேறு உள்ளேயே தங்கிவிடும்.”

முப்பத்தைந்து நிமிடப் பேச்சு ஏறத்தாழ 2,400 சொற்களாக வரும். மூன்று சுற்றும் முடிந்தபின் 900 அல்லது 1,000 மிஞ்சும். சுத்தம் செய்ய ஒன்றரை மணி நேரம் ஆகும், அதையும் நடுநடுவே எழுந்து நடந்துதான் செய்வேன். அதே அளவைத் தட்டச்சு செய்ய எனக்கு மூன்று காலைகள் வேண்டும்.

வெங்காயத்தைப் பற்றிச் சொல்லவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போது தவறாகச் சொல்லிவிட்டால், ‘இதை விட்டுவிடு, மறுபடி சொல்கிறேன்’ என்பதற்கு ஓர் அடையாளச் சொல் வேண்டியிருந்தது. பிரதியில் அந்தச் சொல்லைத் தேடினால் திருத்த வேண்டிய இடங்கள் எல்லாம் வந்து நிற்க வேண்டும். முதலில் ‘நிறுத்து’ என்று வைத்தேன். தண்ணீரை நிறுத்துவதைப் பற்றிய புத்தகத்தில் அது பக்கத்துக்கு நான்கு இடத்தில் இருந்தது. பல்லாங்குழி என்று மாற்றினேன். ஒருமுறை குழி, ஒருமுறை குளி, ஒருமுறை குலி. ழகரம் இல்லாத, றகரம் இல்லாத, ஏரியோடு தொடர்பே இல்லாத சொல்லாகத் தேடி, வெங்காயத்தில் வந்து நின்றேன். அது பிழையில்லாமல் விழுந்தது.

பெரியார் பேச்சைக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு அந்தச் சொல்லின் பொருள் வேறு. மதகருகே மாடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, “ஐயா, தினமும் யாரை இப்படித் திட்டிக்கொண்டு போகிறீர்கள்?” என்று கேட்டார். புத்தகம் என்றதும், நான் அதுவரை பேசியதைக் கேட்டிருந்தவர்போல, “கலிங்கு என்று சொல்கிறீர்களே, இந்தப் பக்கம் அதற்குக் கலங்கல் என்றுதான் பெயர்” என்றார். பதிவு ஓடிக்கொண்டிருந்தது. ஏரி நிரம்பினால் மிஞ்சும் தண்ணீர் வழிந்து வெளியேறும் இடம் அது. தெற்கு மாவட்டத்தில் வேலை பார்த்த நாக்கு எனக்கு, கலிங்கு என்றே வரும். அன்றைய பிரதியில் என் கலிங்கு மூன்று விதமாகக் கெட்டிருந்தது, அவருடைய கலங்கல் ஒரு புள்ளி பிசகாமல் இருந்தது. அத்தியாயத்தில் இரண்டு சொல்லையும் சேர்த்தேன்.

அச்சுக்கு முன் மெய்ப்புப் பார்த்தவர் கைப்பேசியில் அழைத்தார். ஏரிப் பாசனத்தில் எந்தெந்தப் பயிர் வைத்தார்கள் என்ற பத்தியின் நடுவில் வெங்காயம் தனியாக நிற்கிறதே, அதற்குப் பின் ஏதாவது விடுபட்டுவிட்டதா என்று கேட்டார். பிரதியை எடுத்துப் பார்த்தேன். அந்த ஓர் இடத்தில் மட்டும் மென்பொருள் அதை ‘வெங் காயம்’ என்று இரண்டாகப் பிரித்து எழுதியிருக்கிறது. நான் தேடியபோது சிக்கவில்லை. அச்சகத்தில் யாரோ நல்ல மனிதர் அதை ஒன்றாகச் சேர்த்துவைத்திருக்கிறார்.