பிளேஸ்டேஷன் 4 மெனுவின் ஓரங்கள் வெட்டுப்பட்டபோது

அக்கா வீட்டில் ஏறக்குறைய பத்து ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கும் நாற்பது அங்குல முழு எச்டி தொலைக்காட்சி ஒன்று இருக்கிறது. அதில் அக்கா மகனுக்காக வாங்கிய பழைய பிளேஸ்டேஷன் 4 கன்சோலை இணைத்துக் கொடுத்தேன். படம் உடனே வந்தது, வண்ணமும் ஒலியும் சரியாகவே இருந்தன. சற்று நேரம் கழித்து அவன், "மாமா, மணி 9:4-ஓட நிக்குது, கடைசி எண்ணையே காணோம்" என்றான். வலது மேல்மூலையில் இருந்த கடிகாரத்தின் கடைசி இலக்கம் திரையின் சட்டத்துக்கு அப்பால் போயிருந்தது. விளையாட்டுக்குள் சென்றால் கீழ் இடது மூலையின் வரைபடமும் ஓரம் இழந்து நின்றது.

முதலில் எச்டிஎம்ஐ கம்பியை மாற்றிப் பார்த்தேன். பின்பு கன்சோலின் வெளியீட்டை 1080p-இலிருந்து 720p-க்கு இறக்கிப் பார்த்தேன். இரண்டிலும் பயன் இல்லை. குறை கன்சோலில் இருக்கிறதா, தொலைக்காட்சியில் இருக்கிறதா என்பதை ஐயமின்றித் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியபோதுதான் திரைப்பிடிப்பு நினைவுக்கு வந்தது. அந்த முகப்பு மெனுவிலேயே SHARE பொத்தானைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்து ஒரு படம் எடுத்தேன். அதைப் பென் டிரைவில் நகலெடுத்து மடிக்கணினியில் திறந்தேன். அதில் கடிகாரம் முழுமையாக இருந்தது. அதற்கு வலப்புறம் சிறிது இடமும் மிச்சம் இருந்தது. ஆகவே கன்சோல் முழுப் படத்தையும் வரைகிறது, அதை வெட்டுவது தொலைக்காட்சிதான் என்பது உறுதியாயிற்று. இதே சிக்கல் உள்ளவர்கள் வேறு எதையும் தொடுவதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்துவிடுவது நல்லது.

இந்த வெட்டுக்கு ஓவர்ஸ்கேன் என்று பெயர். படக்குழாய்த் தொலைக்காட்சிகளில் மின்னழுத்தம் கூடக் குறைய, படத்தின் அளவும் சற்று விரிந்து சுருங்கும். அந்த ஆட்டம் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாமல் இருக்க, படத்தைத் திரையைவிடச் சற்றுப் பெரிதாக வரைந்து, அதன் ஓரங்களைச் சட்டத்துக்குள் மறைத்துவிடுவார்கள். தட்டைத் திரைக்கு இந்தத் தேவை இல்லை. ஆயினும் தட்டைத் திரைத் தொலைக்காட்சிகள் பலவற்றில் அது இயல்பு அமைப்பாகவே தொடர்ந்து வந்திருக்கிறது. ஒவ்வொரு பக்கத்திலும் 2.5 சதவீதம் வெட்டப்படுவதாக வைத்துக்கொண்டு கணக்கிட்டுப் பார்க்கலாம். 1920 புள்ளி அகலத்தில் இடப்புறம் 48, வலப்புறம் 48 புள்ளிகள் போகின்றன. 1080 புள்ளி உயரத்தில் மேலே 27, கீழே 27 போகின்றன. மிஞ்சுவது 1824-க்கு 1026. பக்கத்துக்கு 2.5 என்பது சிறிய எண்ணாகத் தோன்றினாலும், பரப்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு காணாமல் போகிறது. நாற்பது அங்குலத் திரையில் அது இடப்புறமும் வலப்புறமும் பக்கத்துக்கு இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம்; கடிகாரத்தின் ஓர் இலக்கத்தை விழுங்க அது போதும்.

கன்சோலிலேயே இதற்கு ஓர் அளவுதிருத்தப் படி உண்டு. Settings-இல் Sound and Screen என்பதற்குள் சென்று Display Area Settings என்பதைத் தேர்ந்தெடுத்தேன். திரையின் நான்கு மூலைகளையும் காட்டும் குறிகளோடு ஒரு சட்டகம் தோன்றியது. திசைப் பொத்தான்களால் அந்தச் சட்டகத்தைப் படிப்படியாகச் சுருக்கி, நான்கு குறிகளும் திரையின் விளிம்பைத் தொட்டபடி முழுமையாகத் தெரிந்த இடத்தில் நிறுத்தி உறுதி செய்தேன். கடிகாரம் முழுதாக வந்தது, வரைபடமும் வந்தது. அவன் மகிழ்ச்சியோடு விளையாட உட்கார்ந்துவிட்டான்.

எனக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. மெனுவின் சிறிய எழுத்துகள் மெல்லிய பனிக்குள் இருப்பதுபோல் மங்கலாகத் தெரிந்தன. யோசித்துப் பார்த்தபோது காரணம் விளங்கியது. கன்சோல் தன் படத்தை 1824-க்கு 1026 என்று சுருக்கி, சுற்றிலும் கறுப்புப் பட்டை வைத்து அனுப்புகிறது. தொலைக்காட்சி அந்தப் பட்டையை வெட்டி எறிந்துவிட்டு, மிஞ்சியதை மீண்டும் 1920-க்கு 1080 ஆக இழுக்கிறது. ஒரு முறை சுருக்கி ஒரு முறை இழுத்த படத்தில், ஒரே ஒரு புள்ளி தடிமன் உள்ள கோடு பக்கத்துப் புள்ளிகளிலும் கசிந்துவிடும். அளவுதிருத்தம் வெட்டை ஈடு செய்ததே தவிர, வெட்டு அப்படியே இருந்தது.

அதனால் தொலைக்காட்சியின் ரிமோட்டை எடுத்துக்கொண்டு, படம் தொடர்பான மெனுக்கள் ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தேன். Overscan என்ற வரி, படத்தின் விகிதத்தை 16:9 என்று வைத்த பிறகுதான் கண்ணில் பட்டது; Zoom என்ற நிலையில் இருந்தவரை அது காட்டப்படவே இல்லை. வேறு தொலைக்காட்சிகளில் இதே அமைப்பு Just Scan, Screen Fit, Full Pixel, Dot by Dot, Unscaled என்று பலவாறான பெயர்களில் இருக்கும். பெயர் எதுவானாலும், வரும் புள்ளியைப் பெரிதாக்காமல் அப்படியே காட்டு என்பதே அதன் பொருள். Overscan-ஐ Off என்று மாற்றியவுடன் படத்தைச் சுற்றி நான்கு பக்கமும் கறுப்புச் சட்டம் தோன்றியது. ஏதோ கெட்டுவிட்டது என்று ஒரு கணம் பதறினேன். உண்மையில், வெட்டு நின்றுவிட்டதால், கன்சோல் முன்பே வைத்திருந்த கறுப்புப் பட்டை இப்போது வெளியே தெரிந்தது, அவ்வளவுதான். மீண்டும் Display Area Settings-க்குச் சென்று சட்டகத்தை அதன் முழு அளவுக்கு விரித்தேன். குறிகள் நான்கும் விளிம்பில் சரியாக நின்றன. எழுத்துகளின் மங்கலும் விலகியது.

இப்போது யாராவது கேட்டால், தொலைக்காட்சியின் அமைப்பை முதலில் மாற்றிவிட்டு, கன்சோலின் படியை அதன் பிறகு சரிபார்ப்பதற்காக மட்டும் திறக்குமாறு சொல்வேன். ஓவர்ஸ்கேனை நிறுத்தும் வழியே இல்லாத தொலைக்காட்சிகளும் உண்டு. அங்கே கன்சோலின் அளவுதிருத்தமே சரியான மருந்து. ஆனால் அங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். படம் சற்று ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தால் நான்கு குறிகளும் ஒரே நேரத்தில் தெரியமாட்டா. சட்டகம் நடுவை நோக்கியே சுருங்குவதால், கடைசியாகத் தெரியும் குறிக்கு ஏற்ப நிறுத்திவிட்டு, எதிர்ப்பக்கத்தில் வரும் மெல்லிய கறுப்புக் கீற்றை ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

இரண்டு வாரம் கழித்து அக்கா மகன் தொலைபேசியில் அழைத்து, கடிகாரம் மறுபடியும் வெட்டுப்படுகிறது என்றான். கன்சோலை இடம் மாற்றியபோது கம்பியை இரண்டாவது எச்டிஎம்ஐ துளையில் செருகியிருக்கிறார்கள். அந்தத் தொலைக்காட்சி படத்தின் அளவை ஒவ்வொரு துளைக்கும் தனித்தனியாக நினைவில் வைத்திருந்ததால், புதிய துளையில் ஓவர்ஸ்கேன் பழையபடி இயங்கிக்கொண்டிருந்தது. விகிதத்தை 16:9 ஆக்கி Overscan-ஐ Off செய்யும்படி சொன்னேன். கன்சோலில் எதையும் தொட வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். மணி சரியாகத் தெரிவதாக அவன் சொன்ன பிறகே தொலைபேசியை வைத்தேன்.