124 கன அங்குலம் 27 ஆகச் சுருங்கிய கதை

தொடர்புப்போக்குப் பகுப்பாய்வை ஓரளவு கற்றுக்கொண்டபின், பயிற்சிக்காக ஆர் மென்பொருளோடு வரும் mtcars தரவை எடுத்தேன். 1974இல் மோட்டார் ட்ரெண்ட் இதழில் வந்த 32 கார்களின் விவரம் அது. எஞ்சின் கொள்ளளவு மைலேஜை எவ்வளவு குறைக்கிறது என்பதுதான் என் கேள்வி. மற்ற விஷயங்களையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டுமே என்று பத்து மாறிகளையும் ஒன்றாகப் போட்டேன்.

```
m <- lm(mpg ~ ., data = mtcars)
summary(m)
```

மைலேஜில் உள்ள ஏற்ற இறக்கத்தில் 87 சதவீதத்தை மாதிரி விளக்கிவிட்டது. ஒட்டுமொத்த எஃப் சோதனையின் பி-மதிப்பு பத்து லட்சத்தில் ஒன்றுக்கும் கீழே. ஆனால் தனித்தனிக் கெழுக்களைப் பார்த்தால், பத்தில் ஒன்றுகூட 0.05 எல்லையைத் தாண்டவில்லை. கூட்டமாக வந்தால் அத்தனை பலம், தனியாக நிறுத்தினால் ஒருவருக்கும் பலமில்லை.

அதைவிட என்னை உலுக்கியது disp, அதாவது எஞ்சின் கொள்ளளவின் கெழு. 100 கன அங்குலம் கூடினால் மைலேஜ் 1.33 கூடும் என்றது. எஞ்சின் பெரிதானால் எரிபொருள் மிச்சமாகுமா? அதன் திட்டப்பிழை 1.79. 95 சதவீத நம்பிக்கை இடைவெளியைப் போட்டுப் பார்த்தேன்: -2.4 முதல் +5.0 வரை. குறைக்கலாம், கூட்டலாம், எதுவும் செய்யாமலும் இருக்கலாம். இந்த விடையை வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது.

தரவில் பிழை இருக்குமோ என்று தேடி ஒரு மாலை போயிற்று. பிழை இல்லை. பிறகுதான் பத்து மாறிகளை விட்டுவிட்டு ஒன்றிலிருந்து தொடங்கினேன். எஞ்சின் கொள்ளளவு மட்டும் இருந்தபோது 100 கன அங்குலத்துக்குக் கெழு -4.12, திட்டப்பிழை 0.47. எடையைச் சேர்த்ததும் கெழு -1.77, திட்டப்பிழை 0.92. ஒரே ஒரு மாறி உள்ளே வந்ததும் திட்டப்பிழை ஏறக்குறைய இரட்டிப்பாகிவிட்டது.

காரணம் புரிய, எடையை வைத்து எஞ்சின் கொள்ளளவை முதலில் கணித்தேன். இரண்டுக்கும் உடன்தொடர்பு 0.888. அதாவது எஞ்சின் கொள்ளளவின் மாறுபாட்டில் 79 சதவீதத்தை எடையே சொல்லிவிடுகிறது. மிச்சம் 21 சதவீதம்தான் எஞ்சினுக்கே சொந்தமான சேதி. அந்த எச்சத்தை மட்டும் எடுத்து மைலேஜோடு பொருத்தினால் அதே -1.77 வந்து நிற்கிறது. எனக்கு வெளிச்சம் கிடைத்த இடம் அதுதான். இரண்டு மாறிகள் உள்ள மாதிரியில் கெழுவைத் தீர்மானிப்பது முழு எஞ்சின் கொள்ளளவு அல்ல, எடை விளக்காமல் விட்ட அந்த மிச்சம் மட்டுமே.

முழுக் கொள்ளளவின் திட்ட விலக்கம் 124 கன அங்குலம். எச்சத்தின் திட்ட விலக்கம் 57. ஒரு கோட்டின் சாய்வைத் துல்லியமாக அளக்கப் புள்ளிகள் இடமும் வலமும் நன்றாகப் பரந்திருக்க வேண்டும். குறுகிய இடத்தில் நெருங்கிக் கிடந்தால், மேலும் கீழும் சற்று அசைந்தாலே சாய்வு மாறிவிடும். 124ஐ 57ஆல் வகுத்தால் 2.17. திட்டப்பிழை அத்தனை மடங்கு பெருகுகிறது. அதன் வர்க்கம் 4.73. மாறுபாட்டுப் பெருக்கக் காரணி, சுருக்கமாக வி.ஐ.எஃப்., என்பது இந்த எண்தான். ஒரு மாறியை மற்ற சாரா மாறிகளால் கணித்து, அவை விளக்கும் பங்கான R² மதிப்பை 1 / (1 - R²) என்பதில் இட்டால் போதும்.

இங்கே ஒரு சின்ன முடிச்சு இருந்தது. 2.17 மடங்கு என்றால், 0.47 ஏன் 0.92இல் நின்றது? அது 1.95 மடங்குதானே. எடை உள்ளே வந்ததும் விளக்கப்படாத இரைச்சல் 3.25இலிருந்து 2.92ஆகக் குறைந்திருந்தது. அது திட்டப்பிழையைக் கொஞ்சம் கீழே இழுத்திருக்கிறது. திட்டப்பிழையைத் தீர்மானிப்பவை இரைச்சல், தரவின் எண்ணிக்கை, மாறியின் பரவல், அப்புறம் இந்தப் பெருக்கம். வி.ஐ.எஃப். கடைசிப் பங்கை மட்டும் சொல்கிறது. தரவு போதுமான அளவு இருந்து இரைச்சலும் குறைவாக இருந்தால், வி.ஐ.எஃப். பெரிதாக இருந்தும் திட்டப்பிழை சிறிதாகவே இருக்கக்கூடும். ஆகவே 5, 10 என்று சொல்லப்படும் எல்லைகளை நான் எச்சரிக்கை மணியாக மட்டுமே எடுத்துக்கொள்கிறேன்.

பிறகு பத்து மாறி மாதிரிக்குத் திரும்பினேன்.

```
car::vif(m)
```

எஞ்சின் கொள்ளளவுக்கு 21.6, சிலிண்டர் எண்ணிக்கைக்கு 15.4, எடைக்கு 15.2. இதற்கு முன்பே உடன்தொடர்பு அட்டவணையைப் பார்த்திருந்தேன். அதில் எஞ்சின் கொள்ளளவின் மிக வலுவான இணை சிலிண்டர் எண்ணிக்கை, 0.90. அந்த ஓர் இணையால் மட்டும் வரக்கூடிய வி.ஐ.எஃப். 5.4தான். மற்ற ஒன்பது மாறிகளும் கைகோத்துக்கொண்டு எஞ்சின் கொள்ளளவின் மாறுபாட்டில் 95 சதவீதத்தைச் சொல்லிவிடுகின்றன. இணை இணையாகப் பார்க்கும் அட்டவணையில் இந்தக் கூட்டு தெரியாது, வி.ஐ.எஃப். அதைப் பிடித்துவிடும். 124ஆக இருந்த பரவலில் இப்போது எஞ்சியது சுமார் 27 கன அங்குலம். 32 கார்களையும் அவ்வளவு சிறிய மிச்சத்தையும் வைத்துக்கொண்டு குறி தலைகீழானதில் ஆச்சரியமில்லை.

வி.ஐ.எஃப். அதிகமுள்ள மாறியை நீக்கிவிடலாம் என்பதுதான் அடுத்து வந்த எண்ணம். இரண்டு மாறி மாதிரியில் எடையை எடுத்துவிட்டால் எஞ்சினின் கெழு -4.12 ஆகிவிடும், திட்டப்பிழையும் 0.47க்கு இறங்கிவிடும். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அந்த -4.12இல் பாதிக்கு மேல் எடையின் சுமை, எஞ்சினின் தலையில் ஏற்றப்பட்டது. நான் கேட்டது ஒரே எடையுள்ள கார்களில் எஞ்சின் பெரிதானால் என்ன ஆகும் என்பது. மாறியை நீக்கினால் வேறொரு கேள்விக்கு விடை கிடைக்கும், அவ்வளவுதான். மைலேஜைக் கணிப்பது மட்டும் நோக்கம் என்றால் இந்தக் கவலை பெரும்பாலும் வேண்டாம். எடையும் எஞ்சினும் இதே போல் சேர்ந்து நகரும் கார்களுக்குக் கணிப்பு கெடாது.

நான் நீக்கியது, கேள்விக்கு அவசியமில்லாத மாறிகளைத்தான். எடையை வைத்துக்கொண்டேன். பிறகு தரவுக்குள்ளேயே ஒரே எடைக் கார்களைத் தேடினேன். `Merc 280`, `Hornet Sportabout` இரண்டுக்கும் எடை 3,440 பவுண்டு. முதலாவதின் எஞ்சின் 167.6 கன அங்குலம், மைலேஜ் 19.2. இரண்டாவதின் எஞ்சின் 360, மைலேஜ் 18.7. எஞ்சின் இரண்டு மடங்குக்கு மேல் பெரிது, மைலேஜில் வித்தியாசம் அரை மைல்! ஆனால் `Merc 280C`க்கும் அதே எடை, அதே 167.6, மைலேஜ் 17.8. இங்கே சின்ன எஞ்சின்தான் பின்தங்குகிறது. எடையையும் எஞ்சினையும் பிரித்துக் காட்டக்கூடியவை இப்படிப்பட்ட கார்கள்தாம். 32இல் அவை சொற்பம், அவற்றுக்குள்ளும் ஒற்றுமை இல்லை.

குறிப்பேட்டில் கடைசியாக இப்படி எழுதினேன்: எடையும் எஞ்சின் கொள்ளளவும் சேர்ந்து மைலேஜின் மாறுபாட்டில் 78 சதவீதத்தை விளக்குகின்றன. எஞ்சினின் தனிப் பங்கு 100 கன அங்குலத்துக்கு -1.77, திட்டப்பிழை 0.92, வி.ஐ.எஃப். 4.7. இதைவிடத் துல்லியம் வேண்டுமென்றால் பெரிய எஞ்சின் உள்ள இலேசான கார்களும், சிறிய எஞ்சின் உள்ள கனமான கார்களும் தரவில் இன்னும் வேண்டும்.