படத்து ஆறு மேற்கே ஓடுகிறது

வேலூர்ப் பக்கத்துப் பிள்ளைகளிடம் ஒரு வரைபடத்தைக் கொடுத்து, "இதில் ஆறு எந்தத் திசையில் ஓடுகிறது?" என்று கேட்டுப் பாருங்கள். பலர் படத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கிழக்கு என்று எழுதிவிடுவார்கள். பாலாறு கர்நாடகத்தில் பிறந்து நம் ஊர் வழியாக வங்கக் கடலை நோக்கிப் போகிறது என்று நாம்தானே நாலாம் வகுப்பிலிருந்து சொல்லிக்கொடுத்திருக்கிறோம்! பதில் சரிதான். ஆனால் அந்தப் பிள்ளைக்கு வரைபடம் படிக்கத் தெரியுமா என்பது அதிலிருந்து நமக்குத் தெரியாது.

ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்காகப் புவியியல் திறனறித் தேர்வு ஒன்று தயாரிக்கும் வேலையில் நாங்கள் சில ஆசிரியர்கள் உட்கார்ந்தபோது முதலில் முட்டிக்கொண்டு நின்றது இதுதான். தொடக்கத்தில் எல்லோருக்கும் உண்மையான இந்திய நில அளவைத் துறையின் டோபோ ஷீட் மேல்தான் ஆசை. வேலூர் நகரம் வரும் தாள் 57 P/1. அளவை 1:50,000, சம உயரக் கோடுகளுக்கு இடையே 20 மீட்டர். கோட்டை, காட்பாடி ஜங்ஷன், மலைகள், நடுவில் அகலமான மணல் படுகை என்று கேள்வி கேட்க ஏகப்பட்ட விஷயம் அதில் இருக்கிறது. ஆனால் "காட்பாடி ரயில் நிலையத்திலிருந்து கோட்டை எந்தத் திசையில் உள்ளது?" என்ற கேள்விக்குப் பேருந்தில் போய் வருகிற எந்தப் பிள்ளையும் தெற்கு என்று சொல்லிவிடும். குடியாத்தம் தாண்டி ஒரு கிராமத்தில் இருக்கும் பிள்ளை படத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஒரே கேள்வி ஒருவருக்கு ஞாபகத்தையும் இன்னொருவருக்குத் திறனையும் சோதிக்கிறது.

அதனால் ஒரு வேலை செய்தோம். எழுதிய கேள்விகளை வரைபடம் இல்லாமலே, தேர்வு எழுதப்போகாத ஒரு வகுப்பில் கொடுத்தோம். "படம் எங்க சார்?" என்று கேட்டார்கள். "படம் இல்லாம எவ்வளவு முடியுதோ எழுதுங்க" என்றோம். குருட்டாம்போக்கில் கிடைக்கக்கூடியதைவிட அதிகமாகச் சரியான பதில் வந்த கேள்விகளை எடுத்துவிட்டோம். கொஞ்சம் இரக்கமில்லாத முறைதான். நான் ஆசையாக எழுதிய சில கேள்விகளும் அதில் போயின.

அப்புறம் உண்மைத் தாளை விட்டுவிட்டு, கற்பனை ஊர்களை வைத்து நாங்களே ஒரு படம் வரைந்தோம். நிலத்தின் அமைப்பு மட்டும் நம்மூர் அமைப்பு: ஒரு மலைச்சரிவு, அதன் அடியில் ஏரி, ஏரிக்குக் கீழே வயல், தள்ளி ஓர் ஆறு. ஆனால் மலையைக் கிழக்கில் வைத்தோம். ஆறு மேற்கே ஓடியது.

படத்தில் ஆற்றின் திசைக்கு மூன்று சாட்சிகள் இருந்தன. சம உயரக் கோடுகளின் எண்கள் கிழக்கிலிருந்து மேற்காகக் குறைந்துகொண்டே வரும். கிளை ஓடைகள் ஆற்றோடு சேரும் இடத்தில் குறுங்கோணத்தின் முனை மேற்கைக் காட்டும். மூன்றாவது ஏரிக்கரை. ஏரிக்கு மேட்டுப் பக்கம் கரை தேவையில்லை, நிலமே தண்ணீரைத் தாங்கிக்கொள்ளும். கரை போடுவது பள்ளப் பக்கத்தில்தான். படத்தில் கரை ஏரிக்கு மேற்கே இருந்தது.

கிழக்கு என்று எழுதியவர்களில் இரண்டு வகை உண்டு. பாலாற்றை நினைத்து எழுதியவர்கள் ஒரு வகை, எண்களைப் பார்த்தும் தலைகீழாகப் புரிந்துகொண்டவர்கள் இன்னொரு வகை. பதில் மட்டும் கையில் இருந்தால் இரண்டையும் பிரிக்க முடியாது. அதற்காக, "எதைப் பார்த்துச் சொன்னீர்களோ அதைப் படத்தில் வட்டமிடுங்கள்" என்று ஒரு வரி சேர்த்தோம். திசைக்கு ஒரு மதிப்பெண், சாட்சிக்கு ஒரு மதிப்பெண். முன்னோட்டத்தில் கிழக்கு என்று எழுதிய பலர் எதையும் வட்டமிடவில்லை, சிலர் ஆற்றின் பெயரையே வட்டமிட்டிருந்தார்கள். ஏரிக்கரையை வட்டமிட்டு மேற்கு என்று எழுதிய ஒரு மாணவியிடம் பிறகு காரணம் கேட்டேன். "கரை இந்தப் பக்கம் இருக்குதே சார், அப்போ பள்ளம் இங்கதானே?" என்றாள். அவள் வீடு ஏரிக்குக் கீழே உள்ள ஊரில். நகரத்துப் பிள்ளைகளுக்கு இந்த வழி தெரியாமல் போகலாம் என்பதால்தான் எண்களும் ஓடைகளும் படத்தில் இருக்க வேண்டியிருந்தது. மூன்று சாட்சிகளில் இதைத்தான் வட்டமிட வேண்டும் என்று நாங்கள் கட்டாயப்படுத்தவில்லை.

இடத்தைக் குறிக்கும் கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது. படத்தின் கட்டக் கோடுகளை வைத்து ஓர் இடத்தைச் சொல்லும் ஆறு இலக்க எண்ணைப் படிக்கும் முறை எளிது. நிற்கும் கோட்டின் எண் முதலில், அதிலிருந்து வலப்பக்கம் எத்தனை பத்தில் ஒரு பங்கு என்பது அடுத்து. பிறகு படுத்திருக்கும் கோட்டின் எண், அதிலிருந்து மேலே எத்தனை பங்கு. பிள்ளைகள் சறுக்குவது பெரும்பாலும் இரண்டு இடங்களில். ஒன்று, முன்பின்னாக மாற்றிப் படிப்பது. மற்றொன்று, பங்கை எதிர்ப்பக்கத்திலிருந்து எண்ணுவது. உண்மையான தாளில் நிற்கும் கோடுகளின் எண்களும் படுக்கைக் கோடுகளின் எண்களும் பெரும்பாலும் வேறு வேறாக இருக்கும். மாற்றிப் படித்தால் அப்படி ஓர் இடமே தாளில் இருக்காது, பிள்ளை தானே திருத்திக்கொள்ளும். நாங்கள் வேண்டுமென்றே இரண்டு பக்கமும் 41 முதல் 47 வரை எண் போட்டோம்.

கேள்வி: 452437 என்ற இடத்தில் என்ன இருக்கிறது? அங்கே கோயிலை வைத்தோம். மாற்றிப் படித்தால் வருவது 437452. அங்கே ஒரு பள்ளிக்கூடம். கோயில் இருக்கும் அதே கட்டத்தில், பங்கை வலமிருந்தும் மேலிருந்தும் எண்ணினால் வருவது 458433. அங்கே ஒரு கிணறு. பிள்ளை பள்ளி என்று எழுதினால் எது முதலில் என்பது தெரியவில்லை. கிணறு என்று எழுதினால் எந்தப் பக்கத்திலிருந்து எண்ணுவது என்பது தெரியவில்லை. திருத்தும் ஆசிரியர் மறுநாள் வகுப்பில் எதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது அந்த ஒரு சொல்லிலேயே இருக்கிறது.

சரிவு வீதக் கேள்வியில் அச்சகம் குறுக்கே வந்தது. மலைப்பாதை ஒன்று 260 மீட்டர் கோட்டிலிருந்து 360 மீட்டர் கோடு வரை ஏறுகிறது. படத்தில் 4 செ.மீ., அதாவது 2 கி.மீ. உயர வித்தியாசம் 100 மீட்டர். எனவே 1:20. இடைவெளிகளை எண்ணாமல் கோடுகளை எண்ணும் பிள்ளைக்கு ஐந்துக்குப் பதில் ஆறு வரும், 120 மீட்டர், ஏறக்குறைய 1:17. இதுவரை சரி. ஆனால் கேள்வித்தாளைப் பிரதி எடுக்கிறவர் தாளில் அடங்கவில்லை என்று பத்தில் ஒரு பங்கு சுருக்கிவிட்டார் என்று வையுங்கள். 4 செ.மீ. இப்போது 3.6 செ.மீ. எல்லாவற்றையும் சரியாகச் செய்யும் பிள்ளைக்கு 1.8 கி.மீ., பதில் 1:18. கோடு எண்ணத் தெரியாதவரின் பதிலும் நன்றாகப் படித்தவரின் பதிலும் பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்கின்றன! தவறு யாருடையது என்று விடைத்தாளைப் பார்த்துச் சொல்லவே முடியாது.

1:50,000 என்ற எண் அந்தத் தாளின் அசல் அளவில் மட்டும்தான் உண்மை. படம் சுருங்கினாலும் அந்த எண் அப்படியே நிற்கும். கிலோமீட்டர் குறித்த கோட்டளவை மட்டும் படத்தோடு சேர்ந்தே சுருங்கும், நூலோ காகித விளிம்போ வைத்து அளந்தால் தூரம் மாறாது. ஆகவே எண்ணை எடுத்துவிட்டுக் கோட்டை மட்டும் வைத்தோம். எங்கள் குழுவில் இருந்த மூத்த ஆசிரியர் ஒப்புக்கொள்ளவில்லை. "பிரதிபின்னம் பாடத்துல இருக்குதுங்க, கேட்காம விட்டா எப்படி?" என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். அதற்கு அளக்கவே தேவையில்லாத ஒரு தனிக் கேள்வி எழுதினோம்: 1:50,000 அளவையில் 7 செ.மீ. என்பது எத்தனை கிலோமீட்டர்? அப்படியும் ஒவ்வொரு தாளின் அடியிலும் 10 செ.மீ. கோடு ஒன்றை அச்சிட்டோம். கட்டைப் பிரித்ததும் கண்காணிப்பாளர் ஸ்கேலை வைத்துப் பார்த்துவிடலாம்.

பிரதியில் வண்ணமும் போய்விடும். டோபோ ஷீட்டில் சம உயரக் கோடு பழுப்பு, நீருள்ள ஓடை நீலம், வறண்ட ஓடை கறுப்பு. நம்மூர் ஆறுகளுக்கு இந்த நீலம், கறுப்பு வித்தியாசம்தான் உயிர். கறுப்பு வெள்ளையில் எல்லாம் ஒன்றாகி, முதல் பிரதியில் சில பிள்ளைகள் ஓடையையும் சம உயரக் கோடாக எண்ணிவிட்டார்கள். அதனால் சம உயரக் கோடுகளை மெல்லியதாக்கி எல்லாவற்றிலும் உயரத்தை எழுதினோம். ஓடைகளைத் தலைப்பில் மெலிதாகவும் கீழே வரவரத் தடிப்பாகவும் வரைந்தோம். வறண்ட படுகைக்குப் புள்ளிகள். குறிப்புக் கட்டத்திலும் அதையே காட்டினோம்.

படத்தில் பாகம் குறிக்கும் கேள்விக்கும் ஏரியையே எடுத்துக்கொண்டோம். குறுக்குவெட்டுப் படத்தில் ஐந்து இடங்கள்: நீர்ப்பரப்பு, கரை, மதகு, உபரிநீர் வெளியேறும் இடம், பாசன வாய்க்கால். முதல் வரைவில் ஐந்து இடத்துக்கு ஐந்து சொற்கள்தான் கொடுத்திருந்தோம். நான்கு தெரிந்தவருக்கு ஐந்தாவது இலவசம், இரண்டை மாற்றி எழுதினால் ஒரு குழப்பத்துக்கு இரண்டு மதிப்பெண் போகும். ஏழு சொற்களாக்கி, ஒரு சொல்லைப் பல இடத்துக்கும் எழுதலாம் என்று சொல்லிவிட்டோம். சேர்த்த இரண்டும் அந்தப் படத்துக்குப் பொருந்தக்கூடிய சொற்களாகவே இருக்க வேண்டும். கலங்கரை விளக்கத்தைப் போட்டால் யார் ஏமாறுவார்கள்? நாங்கள் போட்டவை அணைக்கட்டு, வரத்துக் கால்வாய்.

உண்மையில் பிள்ளைகள் குழம்புவது மதகிலும் உபரிநீர் வழியிலும்தான். இரண்டுமே தண்ணீர் வெளியே போகும் இடங்கள். வித்தியாசம் உயரத்தில். மதகு கரையின் அடியில், வேண்டும்போது திறந்து வயலுக்கு விடுவது. மற்றது ஏரி நிரம்பும் மட்டத்தில், தானாக வழிவது. எனவே படத்தில் நீர்மட்டக் கோடு கட்டாயம் தெரிய வேண்டும். அது இல்லாமல் வரைந்த படத்தில் இந்தக் கேள்விக்கு விடையே இல்லை. சுட்டுக்கோட்டின் நுனியில் அம்புக்குறி வேண்டாம் என்றும் முடிவு செய்தோம், ஏனென்றால் இந்தப் படத்தில் அம்பு என்றால் தண்ணீர் போகும் திசை. நுனியில் சிறு புள்ளி வைத்தோம், அதுவும் பொருளின் ஓரத்தில் இல்லாமல் உள்ளே.

சொற்பட்டியல் இல்லாமல் எழுதச் சொல்லும் இன்னொரு தாளும் இருந்தது. அதற்கான விடைக்குறிப்பில் உபரிநீர் வழிக்குக் கலங்கல், கலிங்கு, கோடி மூன்றையும் சேர்த்தோம். "ஏரி கோடி போகுது" என்று கேட்டு வளர்ந்த பிள்ளை கோடி என்று எழுதினால் முழு மதிப்பெண். "தண்ணி போற இடம்" என்று எழுதியவருக்கு என்ன கொடுப்பது என்பதில் மட்டும் மாலைவரை பேச்சு ஓடியது. மதகுக்கும் அதே பதில் பொருந்தும் என்பதால் மதிப்பெண் இல்லை, ஆனால் "ஏரி நிரம்பினால் தண்ணி போற இடம்" என்று இருந்தால் உண்டு என்று விடைக்குறிப்பில் எழுதிவைத்தோம்.