பிளாக் அளவைத் திட்ட அறிக்கையில் எழுதச் சொன்னார்கள்

மூட்டுத் தேய்மானத்துக்கு இரண்டு வகை உடற்பயிற்சிகளை ஒப்பிடும் ஆய்வு. இரண்டு மருத்துவமனைகள், 80 பேர், இரண்டு குழுக்கள். யாருக்கு எந்தக் குழு என்பதைச் சமவாய்ப்பு முறையில், பிளாக் எனப்படும் சிறு தொகுதிகளாக ஒதுக்குகிறோம்; ஒவ்வொரு பிளாக்கிலும் இரு குழுவுக்கும் சம எண்ணிக்கை. நெறிமுறைக் குழு எங்கள் கோப்பைத் திருப்பி அனுப்பியதற்கு ஒரே காரணம்: "பிளாக் அளவு குறிப்பிடப்படவில்லை. 4 என்று நிலையாக வைத்து, புரோட்டோகாலில் எழுதவும்." கோப்பில் வேறெல்லாம் சரியாக இருந்தும் இந்த ஒரு வரியால் அடுத்த கூட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. இதே குறிப்பு உங்களுக்கும் வந்தால் அப்படியே எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.

புரோட்டோகால் என்ற திட்ட அறிக்கை யார் கைக்கெல்லாம் போகும் என்று பாருங்கள். நோயாளிகளைச் சேர்க்கும் பிசியோதெரபிஸ்ட்டின் மேசையில் அது இருக்கும். உடற்பயிற்சி ஆய்வில் யாருக்கு எது கிடைத்தது என்பதை அவரிடம் மறைக்கவும் முடியாது. பிளாக் அளவு 4 என்றால், ஒவ்வொரு நான்கு பேரிலும் இருவர் `A`, இருவர் `B`. ஆறே வரிசைகள்தான் உண்டு: `AABB`, `ABAB`, `ABBA`, `BBAA`, `BABA`, `BAAB`. முதல் மூவரின் ஒதுக்கீடு தெரிந்தால் நான்காமவருடையது ஒதுக்கீட்டுச் சீட்டு வைத்த உறையைப் பிரிக்காமலே தெரியும். முதல் இருவரும் ஒரே குழுவுக்குப் போயிருந்தால் மூன்றாமவருடையதும் தெரியும். கணக்குப் போட்டால் மொத்தத்தில் மூன்றில் ஒருவரின் ஒதுக்கீட்டை முன்கூட்டியே உறுதியாகச் சொல்லிவிடலாம். பிளாக் அளவு 6 ஆனால் அது நான்கில் ஒருவர். 2 ஆனால் பாதிப் பேர்.

தெரிந்தால் என்ன? நடக்கச் சிரமப்படும் ஒரு பாட்டி வருகிறார், அடுத்தது கடினமான பயிற்சி என்று பிசியோதெரபிஸ்ட்டுக்குத் தெரிகிறது. "நாளைக்கு வாங்கம்மா" என்று சொல்வதில் அவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இருக்காது, அக்கறைதான் இருக்கும். ஆனால் அந்தக் கணமே குழுக்கள் ஒன்றுக்கொன்று ஈடானவை அல்ல. எண்ணிக்கை மட்டும் 40, 40 என்று அழகாக நிற்கும்.

பிளாக்கே வேண்டாம், நாணயம் சுண்டுவோம் என்றும் ஒதுங்க முடியாது. 40 பேருக்கு நாணயம் சுண்டினால் 25-15 அல்லது அதைவிட மோசமாகப் பிரிய சுமார் 15 சதவீத வாய்ப்பு இருக்கிறது. சிறிய ஆய்வில் அதைத் தாங்க முடியாது. ஆகவே பிளாக் தேவை, அதன் அளவு ரகசியமாக இருப்பதும் தேவை. எங்கள் பதிலில் இதைத்தான் எழுதினோம்: பிளாக் அளவு மாறிக்கொண்டே வரும், அளவுகள் தனிக் கடிதத்தில், ஒட்டிய உறையில், நெறிமுறைக் குழுவின் செயலருக்கு மட்டும் தரப்படும், சேர்க்கும் இடங்களுக்கு அது போகாது. மருத்துவ ஆய்வுத் திட்டங்களுக்கான ஸ்பிரிட் வழிகாட்டியும் பிளாக் விவரத்தைச் சேர்ப்பவர் பார்க்க முடியாத தனி ஆவணத்தில் வைக்கச் சொல்கிறது. அதை மேற்கோள் காட்டியதும் ஆட்சேபம் நின்றது.

அதன் பிறகு வந்த குறிப்பு இதைவிடப் பிடிவாதமானது. பால், வயது, உடல் எடை, தேய்மானத் தரம் என்று எல்லாவற்றின்படியும் நோயாளிகளைத் தனித்தனி அடுக்குகளாகப் பிரித்து ஒதுக்க வேண்டுமாம். 2 மருத்துவமனை, 2 பால், 3 வயதுப் பிரிவு, 2 எடைப் பிரிவு, 2 தரம்: பெருக்கினால் 48 அடுக்குகள். 80 பேரை 48 அடுக்கில் போட்டால் ஓர் அடுக்குக்கு இரண்டு பேர்கூட இல்லை. ஒவ்வோர் அடுக்குக்கும் தனிப் பட்டியல், தனி பிளாக். பெரும்பாலான பிளாக்குகள் முதல் ஆளிலோ இரண்டாம் ஆளிலோ நின்றுவிடும். முடியாத பிளாக் எதையும் சமப்படுத்தாது; சுற்றிச் சுற்றி நாணயம் சுண்டிய இடத்துக்கே வந்து சேர்வோம். மருத்துவமனை, தேய்மானத் தரம் இரண்டோடு நிறுத்தினோம். நான்கு அடுக்குகள். பிளாக் அளவு 4 என்றால் பாதியில் நின்றாலும் ஓர் அடுக்கில் வித்தியாசம் 2-ஐத் தாண்டாது, 6 என்றால் 3-ஐத் தாண்டாது. வயதையும் எடையையும் பகுப்பாய்வில் சேர்த்துச் சரிசெய்துகொள்ளலாம்.

1948-இல் வெளியான ஸ்ட்ரெப்டோமைசின் காசநோய் ஆய்விலும் பிராட்ஃபோர்ட் ஹில் பால், மருத்துவமனை இரண்டுக்கு மட்டுமே தனித்தனிப் பட்டியல் போட்டு உறைகளில் அடைத்தார். 107 பேருக்கு அது போதுமானதாக இருந்தது.

பட்டியல் தயாரிப்பது ஆர் மென்பொருளில் சில வரி வேலை:

```r
set.seed(70413)
pattiyal <- function(n) {
  x <- c()
  while (length(x) < n) {
    b <- sample(c(4, 6), 1)
    x <- c(x, sample(rep(c("A", "B"), b / 2)))
  }
  x
}
adukku <- c("H1_G2", "H1_G3", "H2_G2", "H2_G3")
p <- lapply(adukku, function(s) pattiyal(40))
```

`set.seed` ஒரே முறை, மேலே மட்டும். அதை ஃபங்ஷனுக்குள் வைத்தால் நான்கு அடுக்குக்கும் அச்சு அசலாக ஒரே வரிசை வரும், ஓர் அடுக்கைப் பார்த்தவர் மற்றதைச் சொல்லிவிடுவார். எந்த அடுக்கில் எத்தனை பேர் வருவார்கள் என்று முன்கூட்டித் தெரியாததால் ஒவ்வொன்றுக்கும் 40 கேட்டிருக்கிறோம். கடைசி பிளாக் முழுமையாக முடிவதால் இரண்டு அல்லது நான்கு வரி கூடுதலாக வரலாம், அதை வெட்ட வேண்டாம். `blockrand` தொகுப்பைப் பயன்படுத்துவோர் கவனிக்க: அதில் `block.sizes` குழுக்களின் எண்ணிக்கையால் பெருக்கப்படும். 4, 6 வேண்டுமென்றால் `c(2, 3)` என்று கொடுக்க வேண்டும். ஆர் பதிப்பு எண்ணையும் எழுதி வையுங்கள்: 3.6.0-இல் `sample` வேலை செய்யும் விதம் மாறியதால், பழைய பதிப்பில் போட்ட விதை எண் புதியதில் வேறு பட்டியலைத் தரும். எக்செலில் `RAND()` போடுவோருக்கு இன்னும் ஆபத்து. எந்தக் கட்டத்தைத் திருத்தினாலும் எண்கள் எல்லாம் மாறும். மதிப்புகளாக ஒட்டிப் பூட்டாவிட்டால் மூலப் பட்டியல் மிஞ்சாது.

பட்டியலைப் போடுபவர் ஆய்வில் ஆள் சேர்க்காதவராக இருக்க வேண்டும். உறைகளுக்கு அடுக்கு வாரியாகத் தொடர் எண். சீட்டை அலுமினியத் தாளில் மடித்து வைத்தால் விளக்கில் பிடித்தாலும் தெரியாது. உள்ளே ஒரு கார்பன் தாளும் வையுங்கள். உறையைப் பிரிக்கும் முன் நோயாளியின் பெயரையும் தேதியையும் மேலே எழுதினால் அது சீட்டில் பதியும். பிறகு உறையை மாற்றிக்கொள்ள வழியில்லை.

இவ்வளவு செய்தும் ஒரு மருத்துவமனையில் உறை அவசரமாகப் பிரிக்கப்பட்டது. ஒப்புதல் கையெழுத்துப் போட்டவர் சீட்டைப் பார்த்ததும் "இது வேண்டாம்" என்று எழுந்து போய்விட்டார். அந்த உறையை மறுபடி ஒட்டி அடுத்தவருக்குக் கொடுக்கலாமா என்று அங்கிருந்து கேட்டார்கள். கூடாது. பிரித்த உறை அவருடையது, அவர் அந்தக் குழுவில்தான் கணக்கில் இருப்பார், அடுத்தவருக்கு அடுத்த எண். அதே போல, தரம் 3 உள்ளவருக்குத் தவறுதலாகத் தரம் 2 அடுக்கின் உறையைப் பிரித்துவிட்டாலும் ஒதுக்கீட்டைத் தொடாதீர்கள். தவறைப் பதிவேட்டில் எழுதி, தரவில் சரியான தரத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பின்னோக்கித் திருத்த ஆரம்பித்தால் சமவாய்ப்பு போய்விடும்.

பகுப்பாய்வில் மருத்துவமனையும் தரமும் கட்டாயம் புள்ளியியல் மாதிரியில் இருக்க வேண்டும். அடுக்குப் பிரித்துவிட்டு அவற்றைப் புறக்கணித்தால், பொதுவாகத் திட்டப் பிழை தேவைக்கு மேல் பெரிதாகி, உண்மையான வித்தியாசம்கூடத் தப்பிவிடும்.

இந்தியாவின் மருத்துவ ஆய்வுப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.யின் பதிவுப் படிவத்தில் வரிசை தயாரித்த முறை என்ற கட்டத்தில் `Permuted block randomization, variable` என்பதைத் தேர்ந்தெடுங்கள். மறைப்பு முறை என்று தனியாக ஒரு கட்டம் வரும், அதில் வரிசை எண்ணிட்ட, ஒட்டிய, ஒளிபுகா உறைகள். யாரிடமிருந்து சிகிச்சை மறைக்கப்படுகிறது என்ற கேள்வி அதற்கும் அடுத்தது. இந்த இரண்டையும் ஒன்றாக்கி நிரப்பிய படிவம் விளக்கம் கேட்டுத் திரும்பி வரும். முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே பதிவு எண் கையில் இருக்க வேண்டும் என்பதால், அந்தத் தாமதம் சேர்க்கையையே நிறுத்தி வைக்கும்.